விற்பனையில் கழித்தது

அந்தப் பதிலை நான் கோப்பைப் பார்த்துச் சொன்னேனா, இல்லை என் வீட்டுச் சமையலறையில் கேட்டதை வைத்துச் சொன்னேனா? இரண்டு வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. குழந்தையின் சட்டைக்குப் பொத்தான் தைக்கும்போதும், தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் கூட்டத்தோடு ஏறும்போதும் இந்தக் கேள்வி வருகிறது. ஒரு நாள் கோப்பு என்று தோன்றும். மறுநாள் சமையலறை என்று தோன்றும்.

சலவைத் தூளும் சோப்புக் கட்டியும் செய்யும் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, தகரக் கூரை போட்ட தொழிற்சாலை. அதன் முன்பக்கத்தில் அலுவலகம். பி.காம். முடித்த கையோடு சேர்ந்தேன். என் கணவருக்கும் இதே கம்பெனிதான், விற்பனைப் பிரிவு. ஒரே இடத்தில் வேலை என்பதால் காதல் கல்யாணம் என்று நினைத்துவிடாதீர்கள். பெண் பார்க்க வந்த அன்றுதான் இருவருக்கும் தெரிந்தது. அவர் எப்போதும் வெளியூர்ப் பயணத்தில் இருப்பவர். அவருடைய கையெழுத்தை மட்டும் எனக்கு முன்பே தெரியும். பயணப்படி பில்லில் ஒரு லாட்ஜ் வாடகையைச் சிவப்பு மையால் வட்டமிட்டு ரசீது கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தேன். "அந்த வட்டம் போட்டது நீங்கதானா?" என்பதுதான் அவர் என்னிடம் முதலில் கேட்டது. எங்கள் பெரியவர்கள் என்னவோ ஏதோவென்று பார்த்தார்கள்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு போர்ஷன் எடுத்துக் குடியேறினோம். நான் ஏழு மாதமாக இருக்கும்போது அவரைத் திருநெல்வேலிப் பகுதிக்கு மாற்றினார்கள். மாதம் ஒருமுறை வருவார். சனிக்கிழமை காலை வந்து ஞாயிறு மாலை ரயிலேறிவிடுவார். மற்ற நாட்களில் நானும் குழந்தையும்தான். நான் வேலைக்குப் போகும் நேரம் வீட்டுக்காரம்மா குழந்தையைப் பார்த்துக்கொள்வார். அந்தப் பக்கத்து நிலமெல்லாம் ஒரு காலத்தில் அவர்கள் குடும்பம் பயிர் செய்த வயல்தானாம். இப்போது வரிசையாகப் போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். நல்ல மனுஷி. கேள்விதான் அதிகம்.

"இன்னாமா, ஊட்டுக்காரு எப்பதான் இங்கியே வந்து குந்துவாரு? கொயந்தை அவரப் பாத்தா அழுவுது, யாரோ எவரோன்னு."

"கணக்கு முடிஞ்சதும் வந்துடுவார்க்கா."

"இன்னா கணக்கு அது, முடியாத கணக்கு!"

அது என்ன கணக்கு என்று இங்கே சொல்லிவிடுகிறேன். சென்னையின் தென்பகுதிக்கு ஏரியா மேனேஜர் இடம் ஒன்று காலியாக இருந்தது. அந்த இடத்துக்கு வருபவர் தலைமை அலுவலகத்திலேயே உட்காரலாம். தினமும் வீட்டுக்கு வரலாம். திருநெல்வேலி, மதுரை, சேலம் மூன்று பகுதிகளில் எது அந்த வருடத்தின் இலக்கைத் தாண்டி அதிகமாகப் போகிறதோ அந்தப் பகுதிக்காரருக்கு அந்த இடம் என்று முதலாளி சுற்றறிக்கை விட்டிருந்தார். மார்ச் முடிந்தபோது என் கணவர்தான் முன்னால் இருந்தார். ஆடிட் முடிந்து கணக்கு உறுதியானதும் ஆர்டர் வர வேண்டியதுதான் பாக்கி. நான் மனதுக்குள் அலமாரியில் அவர் சட்டைகளுக்கு ஒரு தட்டை ஒழித்துவிட்டேன்.

எங்கள் சரக்கு கடைகளுக்கு நேராகப் போவதில்லை. ஒவ்வொரு ஊரிலும் ஒரு விநியோகஸ்தர் மொத்தமாக வாங்கிக் கடைகளுக்குக் கொடுப்பார். அவருக்குப் பில்லிலேயே வியாபாரத் தள்ளுபடி கழித்துத்தான் விலை போடுவோம். கழித்த தொகைதான் விற்பனையாகப் பதிவாகும். அதில் குழப்பமே இல்லை. குழப்பம் அதற்குப் பிறகு வரும் ஸ்கீமில்தான். மூன்று மாதத்தில் இத்தனை பெட்டி எடுத்தால் பெட்டிக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை தருவோம். அதை விநியோகஸ்தர் பின்னால் கிளெய்ம் அனுப்பிக் கேட்பார். நான் சரிபார்த்து அவர் கணக்கில் வரவு வைத்து கிரெடிட் நோட் போடுவேன். எங்கள் கம்பெனியில் வழிவழியாக இதையெல்லாம் விளம்பரம், விற்பனை மேம்பாட்டுச் செலவு என்ற தலைப்பில் எழுதி வந்தோம். போஸ்டர், சுவர் விளம்பரம், காலண்டர் எல்லாம் போகும் அதே தலைப்பு.

அந்த வருடம் திருநெல்வேலிப் பகுதியில் புதிதாக ஒரு ஸ்கீம் வந்தது. 'டிஸ்பிளே இன்சென்டிவ்' என்று பெயர். கடைகளில் எங்கள் சோப்பை முன்னால் அடுக்கிவைத்துக் காட்டுவதற்கான தொகை என்று அர்த்தம். விற்பனை மேலாளர் கையெழுத்துப் போட்டிருந்தார்; எனக்கும் அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருக்க, அவர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்று விநியோகஸ்தர்களைப் போலப் பேசிக்காட்டிக்கொண்டிருந்தார். அவர் அப்படிப் பேசிக்காட்டினால் எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

"'ஏல, டிஸ்பிளேன்னா என்னடே? எங்க கடையில ஆளு நிக்கவே எடமில்ல, சோப்ப எங்க அடுக்குறது?' அப்படிங்கறார். நான் சொன்னேன், 'அண்ணாச்சி, நீங்க ஒண்ணும் அடுக்க வேண்டாம், பெட்டியை எடுங்க, போதும்'னு."

"அப்புறம் எதுக்கு அந்தப் பேரு?"

"ரேட்டைக் குறைச்சுக் குடுத்தேன்னு தெரிஞ்சா மதுரைக்காரர் சண்டைக்கு வருவார். அவர் ஏரியா விநியோகஸ்தர்லாம் எங்களுக்கும் குறைன்னு நிப்பாங்க. டிஸ்பிளேன்னா விளம்பரச் செலவு. என் சேல்ஸ்லயும் கை வைக்காது. எப்படி?"

"பெரிய ஆளுதான்" என்று சொல்லிச் சிரித்தேன். அவ்வளவுதான் பேச்சு. யாரும் பணம் எடுத்துக்கொள்ளவில்லை. விநியோகஸ்தருக்குப் போக வேண்டியது அவருக்குத்தான் போனது. வேறு பெயரில் போனது. அதைப் பற்றி நான் அதற்குமேல் யோசிக்கவே இல்லை என்பதுதான் உண்மை.

ஆடிட்டர் ஜூன் மாதத்தில் வந்தார். மெதுவாகப் பேசுகிற பெரியவர். மேஜைக்கு வரும் காபியை ஆறவிட்டுத்தான் குடிப்பார். விளம்பரச் செலவு போன வருடத்தைவிட எக்கச்சக்கமாக ஏறியிருப்பதைப் பார்த்திருக்கிறார். பேப்பரில் விளம்பரம் கொடுக்கவில்லை, புதிதாகச் சுவர் எழுதவில்லை, பின் எப்படி ஏறியது என்று கேட்டிருக்கிறார். எங்கள் கணக்கு மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, கிளெய்ம் ஃபைலை எடுத்துக்கிட்டு வா."

கொண்டுபோனேன். ஆடிட்டர் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இது போஸ்டர். அச்சகத்து பில் இருக்கு. சரி. இது காலண்டர், சரி. இது மூணு மாச ஸ்கீம். பெட்டிக்கு இவ்வளவுன்னு குடுத்திருக்கீங்க. இதுக்கு விநியோகஸ்தர் நமக்குன்னு தனியா என்ன செஞ்சார்?"

"வாங்கினார் சார்" என்றேன்.

சிரித்தார். "வாங்கினதுக்குத்தானே குடுத்தது. அப்ப அது விலையில குறைச்சது. பெட்டி நூறு ரூபான்னு பில் போட்டுட்டு, பின்னால அஞ்சு ரூபா திருப்பிக் குடுத்தா, அவர்கிட்டேர்ந்து நமக்கு வந்தது தொண்ணூத்தஞ்சுதான். விற்பனையும் தொண்ணூத்தஞ்சுதான். நூறுன்னு காட்டிட்டு அஞ்சைச் செலவுன்னு எழுதினா லாபம் என்னமோ மாறாது. ஆனா விற்பனை ஊதிப்போய் நிக்கும். பேங்க்காரன் அந்த விற்பனையைப் பாத்துத்தான் கடன் வரம்பு தரான். நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

மேலாளர் தலையாட்டினார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. படித்ததும் அதுதான்; இங்கே வந்தபின் வழக்கத்தைப் பார்த்து எழுதப் பழகிவிட்டேன். அவர் அடுத்த கட்டைப் புரட்டினார்.

"இது என்ன, டிஸ்பிளே இன்சென்டிவா? இது வேற. கடையில அடுக்கி வெச்சுக் காட்டினாங்கன்னா, அது அவங்க நமக்குச் செய்யற வேலை. அதுக்குக் குடுத்த தொகை விளம்பரச் செலவுதான். இது அங்கியே இருக்கட்டும். போட்டோ இருக்கா? எந்தெந்தக் கடைன்னு ஏதாவது?"

"இல்ல சார்."

"தொகையை எப்படிப் போட்டீங்க? கடைக்கு இவ்வளவுன்னா?"

"இல்ல சார். எடுத்த பெட்டிக்கு இவ்வளவுன்னு."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரிஞ்சு டிஸ்பிளே வெச்சாங்களாம்மா?"

மேலாளர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். திருநெல்வேலி யாருடைய பகுதி என்று அவருக்குத் தெரியும், ஆடிட்டருக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது சார் என்று சொல்லியிருக்கலாம். கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பவளுக்குத் திருநெல்வேலிக் கடைகளைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"வைக்கலைன்னுதான் நினைக்கிறேன் சார்."

"அப்ப இதையும் விற்பனையிலேர்ந்து கழிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன காபியை எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் மேலாளர், "ஏம்மா, இந்த என்ட்ரியை வேற யாரையாவது எழுதச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். நானே எழுதுகிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்றும் தெரியவில்லை. விற்பனையில் பற்று, விளம்பரச் செலவில் வரவு என்று இரண்டையும் குறைத்து, பகுதிவாரியாகப் பிரித்து எழுதினேன். சேலத்திலும் கொஞ்சம் குறைந்தது. மதுரையில் குறைவே இல்லை என்று சொல்லலாம். மதுரைக்காரர் பில்லில் போடும் தள்ளுபடியைத் தவிர ஸ்கீம் அதிகம் கொடுத்ததில்லை. அந்தத் தள்ளுபடிதான் முதலிலேயே கழிந்துவிட்டதே. திருநெல்வேலியில் மூன்று மாத ஸ்கீமைக் கழித்த பிறகும் என் கணவர்தான் ஒரு மயிரிழை முன்னால் இருந்தார். டிஸ்பிளேயைக் கழித்ததும் இலக்குக்குக் கீழே போனார்.

கூட்டலை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தேன். தப்பு வராதா என்று பார்த்தேன். வரவில்லை.

விற்பனை மேலாளர் விடவில்லை. "வருஷம் பூரா ஒரு முறையில கணக்குப் பாத்துட்டு, கடைசியில வேற முறையில மார்க் போடறது என்ன நியாயம்?" என்று முதலாளி அறையில் அவர் கத்தியது என் இருக்கை வரை கேட்டது. அதுவும் நியாயம்தான். முதலாளி சுற்றறிக்கையை எடுத்துவரச் சொன்னாராம். 'நிகர விற்பனை' என்றுதான், அதாவது கழிவெல்லாம் போக நிற்பது என்றுதான், அதில் இருந்தது. அதற்குமேல் பேச்சில்லை. மதுரைக்காரருக்கு ஆர்டர் போனது. அவருக்கும் வீட்டில் ஒரு சின்னக் குழந்தை இருக்கிறது என்று பிறகு கேள்விப்பட்டேன். இதில் நான் யார்மேல் கோபப்படுவது?

மறுநாள் மதியம் டப்பாவைத் திறந்தபோது விற்பனைப் பிரிவில் ஒருவர் எல்லார் எதிரிலும் கேட்டார்.

"என்ன மேடம், வீட்டுக்காரருக்கே டெபிட் போட்டுட்டீங்களாமே! எங்க கிளெய்மெல்லாம் இனி என்ன கதி?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கைகழுவப் போய் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜங்ஷனில் இருக்கும் எஸ்.டி.டி. பூத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் அவர் தங்கியிருக்கும் லாட்ஜுக்குப் போன் செய்வது வழக்கம். கண்ணாடிக் கூண்டுக்குள் புழுக்கமாக இருக்கும். சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அன்று அவருக்கு விஷயம் ஏற்கெனவே போயிருந்தது.

"ஆடிட்டர் உன்னைக் கூப்பிட்டாராமே?"

"ஆமாங்க."

"என்ன கேட்டார்?"

சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

"ஃபைல்ல இல்லைன்னதோட நிறுத்தியிருக்கலாமே."

"எனக்கு அப்போ..."

"சரி விடு. பில் ஏறுது. பாப்பாவுக்குச் சளி தேவலையா?"

"தேவலைங்க."

"போனை அவகிட்ட குடு."

குழந்தை ரிசீவரை வாயில் வைத்துக் கடித்தாள். அவர் ஏதோ பேசிக்கொண்டிருந்தார், எனக்குக் கேட்கவில்லை.

அடுத்த மாதம் அவர் வந்தபோது சண்டை வரும் என்று பயந்துகொண்டே இருந்தேன். வரவில்லை. என்மேல் தப்பு என்று அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சந்தையிலிருந்து காய் வாங்கி வந்தார், குழாயின் வாஷரை மாற்றினார், குழந்தையைத் தாம்பரத்துக்குக் கூட்டிப்போய் ரயில் காட்டினார். நான் வேண்டுமென்றே, "அந்த அண்ணாச்சி எப்படி இருக்கார்?" என்று கேட்டேன். "இருக்கார்" என்றார். அவரைப் போலப் பேசிக்காட்டவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சமையலறைப் பக்கமே வரவில்லை. கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

அன்றிலிருந்து இன்றுவரை அப்படித்தான். வீட்டில் கம்பெனியைப் பற்றிப் பேசுவதே இல்லை. சொன்னால் ஆபீசுக்குப் போய்விடும் என்று நினைக்கிறாரா, என்னை மறுபடி அப்படியொரு இடத்தில் நிறுத்தக்கூடாது என்று நினைக்கிறாரா, அதுவும் எனக்குத் தெரியாது. இரண்டாவதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

ஆகவே அவர் எப்படி இருக்கிறார் என்பதை இப்போது நான் கிளெய்ம்களிலிருந்து தெரிந்துகொள்கிறேன். போன ஐப்பசியில் ஒரு கட்டு நனைந்த சரக்குக்கான கிளெய்ம் வந்தது. கோடவுனில் தண்ணீர் புகுந்திருக்கிறது, அவர் நின்று ஒவ்வொரு பெட்டியாக எண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த வாரம் போனில் கேட்டபோது, "இங்க நல்ல மழை" என்று மட்டும் சொன்னார். ஒரு ஊர் விநியோகஸ்தர் விலகிவிட்டார் என்பது கணக்கை முடித்துத் தரச்சொல்லி அவர் எழுதிய குறிப்பிலிருந்து தெரிந்தது. அந்தக் குறிப்பில் 'கணக்குப் பிரிவு' என்று விளித்திருந்தார். அப்படித்தான் விளிக்க வேண்டும். எனக்குத்தான் அதைக் கையில் வைத்துக்கொண்டு வேலை ஓடவில்லை.

எங்கள் கணக்கு மேலாளரிடம் ஒருமுறை வாய்விட்டுக் கேட்டேன். "நான் தெரியாதுன்னு சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும் சார்?"

"அதேதாம்மா ஆயிருக்கும். போட்டோ இல்ல, கடை லிஸ்ட் இல்ல, பெட்டிக் கணக்குல தொகை. எந்த ஆடிட்டர் அதை டிஸ்பிளேன்னு விடுவார்? நீ சும்மா மனசைப் போட்டு அலட்டிக்காதே."

அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். கணக்கு எப்படியும் அங்கேதான் போயிருக்கும். ஆனால் அதே கணக்கு வேறு யார் வாய் வழியாகவாவது போயிருந்தால், என் கணவர் இன்று கூடத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கமாட்டார். இதை மேலாளரிடம் எப்படிச் சொல்வது?

இப்போது குழந்தை எல்.கே.ஜி. போகிறாள். அப்பா வந்தால் அழுவதில்லை. "இந்த மாசம் அப்பாவுக்கு லீவா?" என்று கேட்கிறாள். வீட்டுக்காரம்மா கேட்பதை நிறுத்திவிட்டார். திருநெல்வேலியிலேயே அவரை ஏரியா மேனேஜராக்கப் போவதாக ஆபீசில் பேச்சு. எனக்கு அதுவும் ஆபீசில்தான் தெரிந்தது. உண்மையானால் நாங்கள் அங்கே போவதா, அவர் வேறு கம்பெனி பார்த்து இங்கே வருவதா, நான் வேலையை விடுவதா என்றெல்லாம் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும். ஆனால் அந்தப் பேச்சை எந்தப் பக்கம் தொடங்கினாலும் அது கம்பெனிப் பேச்சாகிவிடுகிறது. அவர் எழுந்து குழந்தைக்குச் செருப்பு மாட்டத் தொடங்கிவிடுகிறார்.

வாசகர்களில் ஒரே நிறுவனத்தில் வேலை பார்க்கும் கணவன் மனைவி இருப்பீர்கள். ஒருவர் விற்பனையிலும் மற்றவர் கணக்கிலும் இருப்பவர்கள்கூட இருக்கலாம். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? வீட்டில் கேட்டதை வாசலோடு விட்டுவிடுவது என்று முன்பே பேசி வைத்துக்கொண்டீர்களா? எங்களைப் போல ஒன்று நடந்துவிட்டிருந்தால், அதை முதலில் எடுத்தது யார்? எடுக்க வேண்டியவள் நான் என்றுதான் நினைக்கிறேன். என்ன சொல்லித் தொடங்குவது என்பதுதான் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கலாமென்றால், செய்தது தப்பில்லையே என்று அவரே சொல்லிவிடுவார்; பேச்சு அங்கேயே நின்றுவிடும். அவர் வரும் சனிக்கிழமை காலை வருகிறார். அனுபவப்பட்டவர்கள் யாராவது முதல் வாக்கியத்தை மட்டும் சொல்லுங்கள். மீதியை நான் எப்படியாவது பேசிக்கொள்கிறேன்.